மைசெல்லா, லிப்போசோமா: உயிரணுச் சவ்வுக்கு எதை மாதிரியாகக் கொள்வது?

நாகர்கோவிலில் நான் பாடம் நடத்தும் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில், முதுகலை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இரண்டு சோதனைகளை அடுத்தடுத்த வாரங்களில் வைப்பது வழக்கம். முதல் வாரம் சோடியம் டோடெசில் சல்பேட் என்னும் எஸ்.டி.எஸ். டிடர்ஜென்ட் கரைசலில், மைசெல்கள் எனப்படும் மூலக்கூறு உருண்டைகள் உருவாகத் தொடங்கும் செறிவை அளப்பார்கள். மறுவாரம் முட்டை லெசித்தின் என்னும் கொழுப்பிலிருந்து, உள்ளே நீர் அடைத்த நுண்பையான லிப்போசோம் செய்வார்கள். முதல் சோதனை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், இரண்டாவது ஒரு முழு நாளை விழுங்கிவிடும். அதனால் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: இரண்டிலும் கொழுப்புத்தன்மையுள்ள வால்கள்தானே ஒன்று கூடுகின்றன, மைசெல்லையே சவ்வின் மாதிரியாக வைத்துக்கொண்டால் என்ன? கேள்வி நியாயமானது, பதில் ஒரே ஒரு எண்ணைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது.

எஸ்.டி.எஸ்., லெசித்தின் இரண்டின் மூலக்கூறுக்கும் தலை நீரை விரும்பும், வால் நீரிலிருந்து விலகும். நம் மாவட்டத்தில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். தேங்காய் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறையப் பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அதன் சோடியம் உப்பு சோப்பு, அதன் அமோனியம் உப்பு ரப்பர் பால் திரிந்துவிடாமல் காக்கச் சேர்க்கப்படுவது. எஸ்.டி.எஸ். மூலக்கூறின் வாலும் அதே 12 கார்பன் நீளந்தான். அந்த வால் தனியாக நீரில் நிற்கும்போது, அதைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோக்கும் விதங்கள் குறைந்து, ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு நிற்க நேர்கிறது. வால்கள் ஒன்று சேர்ந்து நீரிலிருந்து ஒதுங்கினால் அந்த நீர் விடுபடுகிறது. கூடுவதற்கான முதன்மை உந்துதல் வால்களுக்கிடையேயான ஈர்ப்பைவிட, நீருக்குக் கிடைக்கும் இந்த விடுதலைதான்.

எந்த வடிவில் கூடும் என்பதை வாலின் பருமனும் தலையின் அகலமும் தீர்மானிக்கின்றன. வாலின் பருமனை, தலை பிடிக்கும் பரப்பையும் வாலின் நீளத்தையும் பெருக்கிய தொகையால் வகுத்துப் பாருங்கள். விடை மூன்றில் ஒன்றை ஒட்டியிருந்தால் மூலக்கூறு கூம்பு போன்றது. கூம்புகளை நெருக்கி அடுக்கினால் உருண்டைதான் வரும். எஸ்.டி.எஸ். இந்த வகை, சுமார் 60 மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு மைசெல் ஆகின்றன. லெசித்தினுக்கு வால்கள் இரண்டு. நீளம் அப்படியே இருக்க, பருமன் மட்டும் இரட்டிப்பாகிறது. விடை ஒன்றை நெருங்குகிறது. உருளை போன்ற மூலக்கூறுகளை அடுக்கினால் தட்டையான தளமே கிடைக்கும். இரண்டு தளங்கள் வால்களை உள்நோக்கி வைத்துக்கொண்டு ஈரடுக்காகின்றன. ஈரடுக்கின் ஓரம் நீரைத் தொடாமலிருக்க அது வளைந்து தன்னையே மூடிக்கொள்ளும்போது லிப்போசோம் பிறக்கிறது. அதற்கு ஓர் உட்புறம் உண்டு, அங்கே நீர் உண்டு. மைசெல்லின் நடுவில் இருப்பதோ வால்கள் மட்டுமே.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். மாறுநிலை மைசெல் செறிவு என்பது, அதற்குக் கீழே மூலக்கூறுகள் தனித்தனியாகவும், அதற்கு மேலே கூடுதலாகச் சேர்பவை பெரும்பாலும் மைசெல்களாகவும் இருக்கும் எல்லை. எங்கள் சோதனையில் 100 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில், 0.1 மோலார் எஸ்.டி.எஸ். கரைசலைப் பியூரெட்டிலிருந்து ஒவ்வொரு மில்லிலிட்டராக விட்டு, மின்கடத்துதிறனைக் குறித்துக்கொள்வோம். முதலில் கோடு செங்குத்தாக ஏறும். ஒன்பதாவது மில்லிலிட்டர் வாக்கில் சட்டென்று சாய்வு குறையும். அங்கே செறிவு 0.9 மில்லிமோலை 109 மில்லிலிட்டரால் வகுத்தால் கிடைப்பது, அதாவது சுமார் 8.3 மில்லிமோலார். மைசெல்லுக்குள் போன எஸ்.டி.எஸ். மூலக்கூறுகள் தங்கள் சோடியம் அயனிகளில் பெரும்பகுதியை மைசெல்லின் மேற்பரப்பிலேயே பிடித்து வைத்துக்கொள்வதால்தான் கடத்துதிறன் ஏறும் வேகம் தளர்கிறது.

இந்த எண் தவறிப்போவதற்கு வழக்கமான காரணம் உப்பு. எதிர்மின் தலைகள் ஒன்றையொன்று தள்ளுவதை உப்பு மட்டுப்படுத்துவதால், 0.1 மோலார் சோடியம் குளோரைடில் இதே எல்லை 1.5 மில்லிமோலாருக்கு அருகில் இறங்கிவிடும். ஒரு முறை ஒரு மாணவர் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோனதால் குழாய்நீரை எடுத்தார்; தொடக்கக் கடத்துதிறனே எக்கச்சக்கமாக இருந்தது, கரைசலும் லேசாகக் கலங்கியது. கலங்கலுக்குக் காரணம் நீரின் கடினத்தன்மை: கால்சியம் டோடெசில் சல்பேட் அறை வெப்பத்தில் சரியாகக் கரையாது. கடலோரக் கிணற்று நீரில் துணி துவைத்துச் சோப்பு நுரைக்காமல் எரிச்சல்பட்டவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மேற்பரப்பு இழுவிசையை அளந்து இதே எல்லையைக் கண்டுபிடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வளைகோடு எல்லைக்குச் சற்று முன் பள்ளம் விழுந்து பிறகு மேலேறினால், எஸ்.டி.எஸ்.ஸில் டோடெக்கனால் கலப்பு இருக்கிறது என்று பொருள். மைசெல்கள் வந்தவுடன் அவை அந்த டோடெக்கனாலை உள்ளே இழுத்துக்கொள்வதால்தான் இழுவிசை மீண்டும் ஏறுகிறது.

லெசித்தின் குடும்பத்தின் இரட்டை வாலுள்ள கொழுப்புகளுக்கு இதே எல்லை எவ்வளவு? 16 கார்பன் வால்கள் இரண்டு கொண்ட டைபால்மிட்டாயில் பாஸ்படைடில்கோலினுக்கு 1972இல் அளந்து வெளியிடப்பட்ட மதிப்பு சுமார் 0.46 நானோமோலார். எஸ்.டி.எஸ்.ஸின் எல்லையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடி மடங்கு குறைவு. (இங்கே உருவாவது மைசெல் அல்ல, ஈரடுக்கு, ஆகவே திரள்தொடங்கு செறிவு என்று சொல்வதே சரியாக இருக்கும், ஆனால் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.)

இந்த வேறுபாட்டின் பொருள் நீர்த்துப் பார்க்கும்போதுதான் உறைக்கும். 10 மில்லிமோலார் எஸ்.டி.எஸ். கரைசலைப் பத்து மடங்கு நீர்த்தால் 1 மில்லிமோலார் ஆகிறது. மைசெல்கள் கலைந்து இருந்த இடம் தெரியாமல் போகின்றன. 1 மில்லிமோலார் கொழுப்புள்ள லிப்போசோம் கரைசலை ஆயிரம் மடங்கு நீர்த்தாலும், எஞ்சும் 1 மைக்ரோமோலார் அந்த எல்லைக்கு இரண்டாயிரம் மடங்கு மேலேயே நிற்கிறது. நீர்க்காத நிலையிலும் மைசெல் ஒரு நிலையான பொருள் அல்ல: எஸ்.டி.எஸ். மூலக்கூறு ஒன்று மைசெல்லுக்குள் நுழைவதும் வெளியேறுவதும் மைக்ரோவினாடிக் கணக்கில் நடக்கிறது. லிப்போசோமிலிருந்து ஒரு லெசித்தின் மூலக்கூறு வெளியேறி மற்றொன்றில் சேர மணிக்கணக்கு முதல் நாள்கணக்கு வரை பிடிக்கும். உயிரணுவைக் கழுவலாம், நீர்க்கலாம், அதன் சவ்வு கரைந்துபோகாது. அந்தக் குணத்தை லிப்போசோமால் மட்டுமே காட்ட முடியும்.

அடுத்தது உட்புறம். சவ்வின் வேலை பிரித்து வைப்பது என்பதால், உள்ளே எதையாவது அடைத்து அது கசிகிறதா என்று பார்க்க இயலாத மாதிரி எனக்குப் பாதி மாதிரிதான். நாங்கள் லெசித்தினைக் குளோரோஃபாரத்தில் கரைத்து, உருண்டைக் குடுவையைச் சுழற்றி ஆவியாக்கி, சுவரில் மெல்லிய படலமாக்கி, மிச்சக் குளோரோஃபாரத்தை வெற்றிடத்தில் நீக்குவோம். பிறகு கார்பாக்சிஃபுளோரசீன் என்னும் ஒளிரும் சாயத்தின் 100 மில்லிமோலார் கரைசலை ஊற்றிக் குலுக்கினால், படலம் உப்பி உரிந்து, வெங்காயத் தோல் போலப் பல அடுக்குள்ள லிப்போசோம்களாகும். அவற்றை 100 நானோமீட்டர் துளையுள்ள பாலிகார்பனேட் தாள் வழியே பலமுறை அழுத்தித் தள்ளினால் பெரும்பாலும் ஒற்றை ஈரடுக்குள்ளவை கிடைக்கும். முட்டை லெசித்தின் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழேயே இளகுவதால் நாகர்கோவிலின் அறை வெப்பமே இதற்குப் போதும். டைபால்மிட்டாயில் வகையைப் பயன்படுத்துவோர் 41 டிகிரிக்கு மேல் சூடாக்காவிட்டால் படலம் கட்டியாகவே நிற்கும்.

100 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு லிப்போசோமில் ஏறத்தாழ 85,000 கொழுப்பு மூலக்கூறுகளும், உள்ளே சுமார் 24,000 சாய மூலக்கூறுகளும் இருக்கும். அவ்வளவு நெருக்கத்தில் சாயம் தன் ஒளிர்வைத் தானே அணைத்துக்கொள்கிறது. வெளியே கசிந்து நீர்த்தால்தான் பச்சையாக ஒளிரும். எனினும் கொழுப்பு 10 மில்லிமோலார் இருக்கும்போது, லிப்போசோம்கள் எல்லாம் சேர்ந்து அடைத்துக்கொள்வது கரைசலின் கனஅளவில் நூற்றுக்கு மூன்று பங்குதான். மீதிச் சாயம் வெளியே இருக்கிறது, அதைச் செஃபாடெக்ஸ் என்னும் ஜெல் மணிகள் நிரப்பிய குழலில் ஓட்டிப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவினர் குழலை வெறும் நீரால் ஓட்டினார்கள். உள்ளே அடர்ந்த கரைசல், வெளியே நீர். லிப்போசோம்கள் நீரை இழுத்து வீங்கிக் கசிந்துவிட்டன. உள்ளே உள்ள அளவுக்கு ஈடாக உப்புச் சேர்த்த தாங்கல் கரைசலைத்தான் ஓட்ட வேண்டும். கடைசியில் டிரைட்டன் எக்ஸ்-100 என்னும் டிடர்ஜென்டைச் சேர்த்து எல்லா லிப்போசோம்களையும் கரைத்தபின் வரும் ஒளிர்வை நூறாகக் கொண்டு, முன்பு கசிந்தது எத்தனை பங்கு என்று கணக்கிடுகிறோம்.

இந்த மூடிய தன்மையைத்தான் 1965இல் அலெக் பாங்கமும் அவருடன் பணியாற்றியவர்களும் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரகாமில் காட்டினார்கள்: புரதம் ஏதும் இல்லாமல், லெசித்தின் போன்ற பாஸ்போலிப்பிட்களின் உப்பிய அடுக்குகளே அயனிகளைத் தடுத்து நிறுத்துகின்றன. 1974இல் எஃப்ரெயிம் ராக்கரும் வால்தர் ஸ்டோக்கினியஸும் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். ஒளிபட்டால் புரோட்டானைக் கடத்தும் பாக்டீரியோரோடாப்சினையும், உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை ஆக்கும் மாட்டு இதய மைட்டோகாண்ட்ரியாவின் நொதியையும் ஒரே லிப்போசோமில் பதித்து ஒளி பாய்ச்சினார்கள், ஏ.டி.பி. உருவானது. இரண்டு புரதங்களுக்கும் இடையே பொதுவாக இருந்தது ஈரடுக்கின் இருபுறமும் நிலவிய புரோட்டான் வேறுபாடு மட்டுமே. மைசெல்லில் இதைச் செய்து பாருங்கள் என்றால், புரோட்டானை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு அனுப்புவது?

ஆனாலும் மைசெல்லை ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் புரதத்தைச் சவ்விலிருந்து கழற்ற டிடர்ஜென்ட் மைசெல்தான் வேண்டும். பிறகு கொழுப்பைச் சேர்த்து டிடர்ஜென்டை நீக்கினால், புரதம் லிப்போசோமில் அமர்கிறது. எந்த டிடர்ஜென்ட் என்பதை முடிவு செய்வதும் அதே எண்தான். டிடர்ஜென்டை நீக்கப் பயன்படும் டயாலிசிஸ் பையின் துளைகளில் தனி மூலக்கூறு நுழையும், மைசெல் நுழையாது. ஆக்டைல் குளுகோசைடின் எல்லை சுமார் 20 மில்லிமோலார். 30 மில்லிமோலார் கரைசலில் மூன்றில் இரண்டு பங்கு தனியாகவே திரிவதால், தாங்கல் கரைசலை மாற்றி மாற்றி வைத்தால் ஓரிரு நாளில் அது பெரும்பாலும் வெளியேறிவிடும். டிரைட்டன் எக்ஸ்-100க்கு எல்லை 0.25 மில்லிமோலாருக்கு அருகில். அதே 30 மில்லிமோலாரில் வெளியேறத் தயாராக இருப்பது நூற்றில் ஒன்றுகூட இல்லை. வாரக்கணக்கில் காத்திருப்பதைவிட, அதை உறிஞ்சும் பாலிஸ்டைரீன் மணிகளைப் போடுவதே நல்லது. விலை குறைவு என்பதற்காக டிரைட்டனைத் தேர்ந்து டயாலிசிஸில் இறங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை: மிச்சமிருக்கும் டிடர்ஜென்ட் ஈரடுக்கைக் கசியவைக்கும், அந்தக் கசிவைப் புரதத்தின் வேலை என்று நினைத்து ஏமாறுவோம்.

லிப்போசோமுக்கும் குறைகள் உண்டு. உயிரணுச் சவ்வின் இரு தளங்களில் வெவ்வேறு கொழுப்புகள் இருக்கின்றன. நாம் செய்வதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே கலவை. உள்ளிருந்து தாங்கும் புரதச் சட்டகமும் அதில் இல்லை. இவற்றைவிட அன்றாடம் தொல்லை தருவது பழைய லெசித்தின். காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும், ஈரம் பட்டு ஒரு வாலை இழக்கும். ஒற்றை வாலான லைசோலெசித்தின் மீண்டும் கூம்பு வடிவத்துக்கே திரும்பி, டிடர்ஜென்ட் போல ஈரடுக்கைத் துளைக்கும். புதிதாகச் செய்த லிப்போசோமே சாயத்தைக் கசியவிட்டால், தாங்கல் கரைசலைக் குறைசொல்லும் முன் லெசித்தினை எத்தனாலில் கரைத்து, ஆக்சிஜனேற்றத்தைக் காட்டும் 233 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். அது புதுக் குப்பியைவிட மேலேறியிருந்தால் குப்பியை மாற்றிவிட்டு, அடுத்ததை நைட்ரஜன் நிரப்பிக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வையுங்கள்.