கிலோ நோட்டா, எக்செல்லா, ஸ்டிக்கரா: ஒரு நேவி ப்ளூ ஆர்டரை வைத்து ஒரு கணக்கு

திருப்பூரில் பின்னல் துணியை யாரும் மீட்டரில் வாங்குவதில்லை. கிலோவில் வருகிறது, கிலோவில் டெலிவரி சலான், அதாவது டிசி போடுகிறார்கள், கிலோவில் பில் வருகிறது. ஆனால் கட்டிங் டேபிளில் துணியை அடுக்கடுக்காக விரித்து லே போடும்போது தேவைப்படுவது மீட்டர். துணிக் கணக்கில் வரும் குழப்பத்தில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. நாற்பது மெஷின் ஓடும் ஒரு சின்ன யூனிட்டில் கட்டிங் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கிலோ நோட்டு, எக்செல், பார்கோடு ஸ்டிக்கர் என்ற மூன்று முறைகளிலும் வேலை செய்திருக்கிறேன், மூன்றிலும் துணியைத் தொலைத்திருக்கிறேன்.

ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். நேவி ப்ளூ டி-ஷர்ட், 4,000 பீஸ். சிங்கிள் ஜெர்சி, 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம், விரித்த அகலம் 1.80 மீட்டர். டையிங்கில் இருந்து இரண்டு லாட்டாக வருகிறது, லாட்டுக்கு 18 ரோல், ரோல் 25 கிலோ. மொத்தம் 900 கிலோ. வெட்ட வேண்டிய பாகங்களை நெருக்கி அடுக்கி வரைந்த மார்க்கர் 5.40 மீட்டர், அதில் 8 பீஸ். இரு முனைக்கும் சேர்த்து 4 சென்டிமீட்டர் விட்டால் ஓர் அடுக்குக்கு 5.44 மீட்டர்.

முதலில் கிலோ நோட்டு. லாட் வந்த தேதி, டிசி நம்பர், மொத்தக் கிலோ, கட்டிங்குக்குக் கொடுத்தது, மிச்சம். அவ்வளவுதான். இதைக் கேலி செய்ய மாட்டேன். எழுத இரண்டு நிமிடம், எந்த மேஸ்திரியும் எழுதுவார், கரண்ட் போனாலும் நிற்காது. டையிங்காரரிடம் துணி குறைந்ததா என்று கேட்க இது போதும். அதிலும்கூட ஒரு கண் வேண்டும். பருத்தி ஈரத்தை வாங்கிக்கொள்ளும் நூல். சரியாகக் காயாமல் வந்த ரோல் வரும்போது கனமாக இருக்கும், நாலு நாளில் இளைத்துவிடும். பாலிதீன் கவரையும் உள்ளே இருக்கும் குழலையும் கழிக்காமல் எடை போடுகிறவர்களும் உண்டு.

நோட்டுக்குத் தெரியாத விஷயம் வேறு. இரண்டாவது லாட் 188 ஜிஎஸ்எம்மில் வந்திருக்கிறது. கிலோ அதே 900, நீளம்தான் குறைவு. நோட்டில் எல்லாம் சரி. கட்டிங் முடிந்ததும் மாஸ்டர் வந்து, “துணி பத்தலைங்க” என்கிறார். திருட்டா, வேஸ்டா, மாஸ்டர் தவறா என்று ஒரு நாள் பேச்சு ஓடும். நோட்டைப் புரட்டினால் ஒரு பதிலும் கிடைக்காது.

எக்செல்லில் லாட்டுக்கு ஒரு வரி என்று போட்டால் அது கம்ப்யூட்டரில் எழுதிய கிலோ நோட்டு, வேறொன்றும் இல்லை. ரோலுக்கு ஒரு வரி போட வேண்டும். ஒவ்வொரு ரோலிலும் வட்டக் கட்டரால் ஒரு துண்டு வெட்டி எடை பார்க்க வேண்டும். அதன் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்பதால் 1.88 கிராம் காட்டினால் 188 ஜிஎஸ்எம். D-யில் நிகரக் கிலோ, E-யில் ஜிஎஸ்எம், F-ல் ஓரத்தையும் சேர்த்த முழு அகலம் என்று வைத்தால்:

```
G2: =D2*1000/(E2*F2)
H2: =INT(G2/5.44)
I2: =G2-H2*5.44
```

G நீளம், H அடுக்கு, I மிச்சத் துண்டு. 180 ஜிஎஸ்எம் ரோல் 77.2 மீட்டர் வரும். 14 அடுக்கு போக 1 மீட்டர் மிச்சம். 188 ரோல் 73.9 மீட்டர்தான், 13 அடுக்கு போக 3.16 மீட்டர் மிச்சம். ரோலுக்கு ஓர் அடுக்கு போயிற்று, அதாவது 8 பீஸ். 18 ரோலுக்கு 144 பீஸ். 4,032 வர வேண்டிய இடத்தில் 3,888. இது கத்தி வைப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. டையிங்காரரிடம் பேச வேண்டிய நேரமும் அதுதான். வெட்டிய துணிக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

அந்த 3.16 மீட்டர் துண்டு ஒவ்வொன்றிலும் 2.79 மீட்டரில் 4 பீஸ் மார்க்கர் போடலாம். 72 பீஸ் திரும்பி வரும், எண்ணிக்கை 3,960 ஆகும். ஒரு சதவீதக் குறையைப் பெரும்பாலான பையர்கள் ஏற்றுக்கொள்வார்கள். எழுதி வைக்காவிட்டால் இந்தத் துண்டுகள் எங்கே போகும்? நேராக வேஸ்ட் மூட்டைக்கு. ஒரு 188 ரோலில் வெட்டிய பீஸ் சுமார் 19.5 கிலோ, மார்க்கர் இடைவெளியும் முனையும் சேர்ந்த வேஸ்ட் சுமார் 4.5 கிலோ, எண்ட் பிட் என்கிற அந்த மிச்சத் துண்டு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மூட்டையில் 5.5 கிலோ இருந்தால் அதில் ஒரு கிலோ நல்ல துணி, பனியன் வேஸ்ட் விலைக்குப் போகிறது என்று பொருள். கிலோ நோட்டில் இரண்டும் ஒன்றாகவே ‘வேஸ்ட்’ என்று பதிவாகும்.

நிறத்துக்கும் இதே கதைதான். ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டி வரிசையாகத் தைத்து, லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 வெளிச்சத்தில் பார்த்து ஏ, பி, சி என்று பிரிப்போம். லாட் நம்பரை மட்டும் நம்பக்கூடாது; ஒரே லாட்டிலேயே இரண்டு ஷேடு வரும். எக்செல்லில் ஷேடு எழுத்தோடு இன்னொரு கட்டமும் வேண்டும்: அந்த ரோல் லேயில் எத்தனையாவது அடுக்கிலிருந்து எத்தனையாவது வரை என்று. ரோல் 7, அடுக்கு 79 முதல் 91 வரை என்று இருந்தால், பீஸில் ஒட்டிய நம்பரைப் பார்த்தே எந்த ரோல் என்று சொல்லிவிடலாம். ஒரு முறை இந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டேன். கை ஒரு நீலம், உடம்பு ஒரு நீலம் என்று செக்கிங்கில் பீஸ்கள் வந்தன. எந்த பிட்டிலிருந்து கை வெட்டினோம் என்று கடைசி வரை தெரியவில்லை.

அப்புறம் பார்கோடு. ரோல் வந்தவுடன் ஸ்டிக்கர், குடோனை விட்டுப் போகும்போது ஸ்கேன், எண்ட் பிட்டுக்குத் தாய் ரோலின் நம்பரோடு புது ஸ்டிக்கர். கணக்குப் போடுவதில் எக்செல்லைவிட இது பெரிதாக மேலில்லை. ஒரே ரோலை இரண்டு பேர் எழுதுவது, 7-ஐ 1 என்று படிப்பது போன்ற கைப்பிழைகளை ஒழிக்கிறது, மிச்சம் எங்கே கிடக்கிறது என்று உடனே காட்டுகிறது. அதுவே இதன் பலம்.

விற்கிறவர் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது பாலிதீன் கவரின் மேல். லைக்ரா கலந்த துணியை வெட்டுவதற்கு முந்தின நாளே உருட்டைப் பிரித்து, சுருக்கம் அடங்கட்டும் என்று மடித்துப் போட்டு வைப்போம். கவர் குப்பைக்கூடைக்குப் போகும், ஸ்டிக்கரும் கூடவே போகும். காலையில் பார்த்தால் பெயரில்லாத ஆறு நீலக் குவியல்கள். துணியின் வெளி முனையில் நம்பர் எழுதினாலும், எண்ட் பிட் ஆகப்போவது மறு முனை. ஆகவே இரு முனையிலும் ஓரத்தில் சாக்பீஸால் ரோல் நம்பரும் ஷேடு எழுத்தும் எழுத வேண்டும். இதைச் செய்யாத யூனிட்டில் எந்த சாப்ட்வேர் வாங்கினாலும் பிட்டு அநாதைதான்.

ஒரு கட்டிங் டேபிள், ஒரு குடோன் என்றால் நான் எக்செல்லும் சாக்பீஸும் போதும் என்பேன். லே போடுகிறவர் கையில் ஒரு தாள், அடுக்கு எண்களை அவரே எழுதட்டும், மாலையில் ஒருவர் ஏற்றட்டும். டேபிள் இரண்டு மூன்றாகி, ஒரே நிறத் துணி இரண்டு குடோனில் கிடக்க ஆரம்பித்தால் அந்த மாலைப் பதிவு அடுத்த நாள் காலைக்குத் தள்ளிப்போகும்; அதற்குள் பிட்டை வேறு யாராவது எடுத்திருப்பார்கள். பார்கோடுக்குச் செலவு செய்ய அதுதான் நேரம். கிலோ நோட்டை அப்போதும் மூட வேண்டாம், டையிங் பில்லைச் சரிபார்க்க அது வேண்டும்.