நாய்த் தீவனப் பை: முன்பக்கப் படமா, பார்கோடா, பின்பக்க எழுத்தா?

நண்பர் ஒருவர் தீவனப் பையின் படத்தை அனுப்பி, "நாலு மாசக் குட்டிக்கு இது சரியா?" என்று கேட்டார். குட்டி கிரேட் டேன். படத்தில் பையின் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது.

முன்பக்கத்தைப் படத்தேடலில் போட்டால் நிறுவனமும் வரிசையும் உடனே தெரிந்துவிடும். ஆனால் ஒரே வரிசையில் குட்டிக்கான பையும் வளர்ந்த நாய்க்கான பையும் அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். ஓரத்தில் உள்ள ஒரு சின்னப் பட்டைதான் வித்தியாசம். நண்பர் அனுப்பிய படத்தில் அந்த இடத்தில் அவருடைய கட்டைவிரல் இருந்தது!

பார்கோடு இதைவிடக் கறார். கோடுகளுக்குக் கீழே உள்ள எண் தெளிவாக விழுந்தால் எந்தப் பொருள், எந்த அளவுப் பை என்பது வரை தெரியும். எண்ணைத் தேடும்போது வரும் பக்கத்தில் பழைய கலவையின் விவரம் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். பெயரைக் கண்டுபிடிக்க பார்கோடு போதும், வயதை முடிவு செய்யப் போதாது.

அதற்குப் பின்பக்கம்தான். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோவின் முறையைப் பின்பற்றும் பைகளில், எந்தப் பருவத்துக்கு முழு உணவு என்று ஒரு வாக்கியம் பொடி எழுத்தில் இருக்கும். 'மெயின்டனன்ஸ்' என்று மட்டும் இருந்தால் அது வளர்ந்த நாய்க்கு. 'குரோத்' அல்லது 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' என்றால் குட்டிக்கும் ஆகும். அப்புறம், பெரிய இனங்களுக்கு அதே வாக்கியத்தில் இன்னொரு துண்டு உண்டு: வளர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோ, அல்லது அதற்கு மேல் போகும் நாய்களின் வளர்ச்சிக்கு ஏற்றதா, இல்லையா என்பது. கிரேட் டேன் அந்த எடையைத் தாராளமாகத் தாண்டும்.

இந்தப் பாகுபாடு கால்சியத்துக்காக. குட்டி வயதில் உடலால் அதிகப்படி கால்சியத்தைச் சரியாகத் தடுக்க முடியாது; வேகமாக வளரும் பெரிய எலும்புகள்தான் அதில் கோணும். அதனால் பெரிய இனக் குட்டிகளின் தீவனத்தில் கால்சியத்துக்கு உச்சவரம்பு, ஈரம் நீக்கிய எடையில் 1.8%. மற்ற நாய்களுக்கு 2.5%.

நண்பரைப் பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொன்னேன். முதல் படத்தில் பை மடிப்பும் வெளிச்சமும் சேர்ந்து, கால்சியம் 1.1 என்றும் 1.7 என்றும் படிக்கும்படி இருந்தது. பையைத் தட்டையாக வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், சற்றுச் சாய்வாக எடுத்த இரண்டாவது படத்தில் கால்சியம் அதிகபட்சம் 1.7%, ஈரம் 10% என்று தெளிவாக விழுந்தது. ஈரம் போக மிஞ்சுவது 90%; அதனால் 1.7ஐ 0.9ஆல் வகுத்தால் சுமார் 1.89. எழுதியிருந்தது 1.7 என்றாலும், அதிகபட்சக் கணக்கில் வரம்பைத் தாண்டுகிறது. சில பைகளில் 'குறைந்தபட்சம்' மட்டும் போட்டிருப்பார்கள்; அதை வைத்து உச்சவரம்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது, நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

பெரிய இன நாய்கள் பற்றிய அந்தத் துண்டைத் தேடினோம். இருந்தது, 'எக்ஸெப்ட்' என்ற சொல்லோடு. நண்பர் பையைப் பிரிக்காமலே கடைக்குத் திருப்பி எடுத்துப் போனார்.