ஏற்காடு பிரசுரம்: தகவலாக எழுதுவதா, கூற்றாக வைப்பதா?

ஏற்காட்டு விடுதி ஒன்றின் ஆங்கிலப் பிரசுரத்தைப் படம்பிடித்து அனுப்பி, அதைத் தமிழில் மொழிபெயர்த்துத் தரச் சொல்கிறார் சித்தப்பா என்று வைத்துக்கொள்வோம். 1,500 மீட்டர் உயரம், இந்தியாவிலேயே மிகத் தூய காற்று என்று அதில் இருக்கிறது.

‘இங்கே காற்று இந்தியாவிலேயே தூயது’ என்று நேராக எழுதுவது ஒரு வழி. படிக்கச் சுகம்தான். ஆனால் விற்பவரின் பேச்சுக்கு மொழிபெயர்ப்பவர் சாட்சியாகிவிடுகிறார்.

‘இந்தியாவிலேயே மிகத் தூய காற்று என்கிறது பிரசுரம்’ என்பது இன்னொன்று. எனக்கு இதுதான் சரி. ‘தூயதாம்’ என்றால் கேலி தொனிக்கும், ‘என்கிறது’ போதும். அலங்காரத்தையும் குறைக்க வேண்டாம், அது அவர்களுடைய குரல். உயரத்தை வரைபடத்தில் சரிபார்க்கலாம். பொருந்தினால் தகவலாகவே எழுதலாம்.

அப்புறம், வரி முடிவில் நட்சத்திரக் குறி இருந்து அடிக்குறிப்பு படத்தில் வெட்டுப்பட்டிருந்தால், அதையும் சொல்லிவிடுங்கள்.