"இப்போ பரவாயில்லை" என்றால் மருந்து வேலை செய்ததா?

மருந்துக்குப் பலன் உண்டா என்று அறிய மூன்று வழிகளைச் சொல்வார்கள். கொடுத்துவிட்டு நோயாளியைக் கேட்பது ஒன்று. எது மருந்து, எது மருந்தில்லாத போலி என்று நோயாளிக்கு மட்டும் சொல்லாமல் கொடுப்பது இன்னொன்று. கொடுப்பவருக்கும் அளப்பவருக்கும்கூடத் தெரியாமல் வைப்பது மூன்றாவது, அதுதான் இரட்டை மறைப்புச் சோதனை.

முதல் வழி எங்கே சறுக்கும் என்பதை 2011-ல் வெளியான ஓர் ஆஸ்துமா ஆய்வு நன்றாகக் காட்டுகிறது. 39 பேர் அதை முடித்தார்கள். ஒவ்வொருவருக்கும் மாறி மாறி நான்கும் நடந்தன: மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து இன்ஹேலர், மருந்தில்லாத போலி இன்ஹேலர், போலி அக்குபங்சர், எதுவும் செய்யாமல் உட்கார வைப்பது. "எவ்வளவு தேவலை?" என்று கேட்டால், மருந்துக்குச் சுமார் 50 சதவீதம் முன்னேற்றம் என்றார்கள், இரண்டு போலிகளுக்கும் 45-46. சும்மா இருந்தபோது 21. சரி, போலியும் மருந்தும் ஒன்றுதானா? ஊதச் சொல்லி, முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றை அளந்தார்கள். மருந்துக்கு 20 சதவீதம் கூடியிருந்தது, மற்ற மூன்றுக்கும் சுமார் 7 தான். போலி தந்த நிம்மதியை அவர்கள் உண்மையாகவே உணர்ந்தார்கள். ஆனால் மூச்சுக்குழல் திறக்கவில்லை. எனக்கு இது மிகவும் கவலை தரும் விஷயம், ஏனென்றால் இழுப்பு குறைந்ததாக நினைத்து ஒருவர் ஆபத்திலேயே இருந்துவிடலாம்.

அந்த 7 சதவீதத்தையும் கவனியுங்கள். ஒன்றுமே செய்யாமல் வந்தது அது. நோய் ஏறி இறங்கும், மோசமாக இருக்கும்போதுதான் சிகிச்சைக்கு வருவார்கள், அப்புறம் தானாகவே கொஞ்சம் தணியும். அதையெல்லாம் போலியின் கணக்கிலோ மருந்தின் கணக்கிலோ எழுதிவிடக் கூடாது.

நோயாளிக்கு மட்டும் மறைத்தால் போதாதா? போதாது. மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கான ஒரு கனடா சோதனையில், ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு நரம்பியல் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். யாருக்கு என்ன சிகிச்சை என்று ஒருவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. தெரிந்தவர்களின் கணிப்பில் ஒரு சிகிச்சைக்குப் பலன் இருந்தது, தெரியாதவர்களின் கணிப்பில் இல்லை. பொய் சொல்ல வேண்டியதில்லை, எதிர்பார்ப்பே கையையும் கண்ணையும் இழுத்துவிடும்.

அதனால் என் ஓட்டு இரட்டை மறைப்புக்குத்தான். அதற்கும் ஓட்டை உண்டு. மருந்து வாயை உலர்த்தினால் எது தனக்கு வந்தது என்று நோயாளி ஊகித்துவிடுவார். ஆகவே சோதனை முடிந்ததும் "உங்களுக்குக் கிடைத்தது எது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பார்ப்பதுண்டு. பெரும்பாலானோர் சரியாகச் சொன்னால் மறைப்பு உடைந்திருக்கலாம்.

வீட்டில் நாம் சந்திக்கும் நோயாளியிடம் இந்தச் சோதனையெல்லாம் செய்ய முடியாது. ஆனால் "மூச்சு இலகுவாயிருக்கு" என்று ஆஸ்துமாக்காரர் சொன்னால், ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் மூன்று முறை ஊதச் சொல்லி, அதிக எண்ணைக் குறித்து, அவருடைய நல்ல நாள் அளவோடு ஒப்பிடலாம்.