ஒரு கைத்தறிச் சேலைக்கு மூன்று விதமான விவரிப்பு: எது விற்கும், எது திரும்பி வரும்?

திருகோணமலையில் இருந்துகொண்டு முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் சேலை விற்பவர்களுக்கு ஒரே சிக்கல்தான். வாங்குபவர் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பார். துணியைத் தொட்டுப் பார்க்க அவருக்கு வழி இல்லை. கடையில் என்றால் விரலால் தடவுவார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், கரையைப் புரட்டுவார், சாயம் போகுமா என்று கேட்பார். இணையத்தில் இவ்வளவையும் நாலு வரி எழுத்துத்தான் செய்ய வேண்டும்.

ஒரே சேலையை எடுத்துக்கொண்டு மூன்று விதமாக எழுதிப் பார்ப்போம். மருதமுனைத் தறியில் நெய்த பருத்திச் சேலை. மயில்நீல உடல், மூன்று அங்குல அரக்குக் கரை, 60ஆம் நம்பர் நூல். நூலின் நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும். அதனால் இது மிக மெல்லியதும் இல்லை, தடிப்பும் இல்லை.

முதல் விதம், எல்லோரும் எழுதுவது:

"பட்டுப் போன்ற மென்மை! தூய இயற்கைப் பருத்தி! சாயம் போகவே போகாது! எந்தக் காலத்துக்கும் ஏற்றது! ஒன்றே ஒன்றுதான், முந்துங்கள்!"

இதைப் படித்தவுடன் ஆசை வரும் என்பது உண்மை. ஆனால் பார்சல் பிரிக்கும் நேரத்திலேயே முதல் வரி பொய்த்துவிடும். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் அறுந்து போகாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள். அதனால் புதுக் கைத்தறிச் சேலை கையில் விறைப்பாகத்தான் இருக்கும், இரண்டு மூன்று சலவைக்குப் பிறகுதான் இளகும். பட்டை எதிர்பார்த்தவர் விறைப்பைத் தொட்டால், நல்ல சேலையையும் தரம் குறைந்தது என்றே நினைப்பார். "ஒன்றே ஒன்று" என்பதும் பெரும்பாலும் சரியில்லை. தறியில் ஏற்றும் ஒரு பாவில் பல சேலைகள் நெய்வார்கள். அதே நிறத்தில் இன்னொன்றை அடுத்த வாரம் நீங்களே போட்டால், முதலில் வாங்கியவர் அதைப் பார்ப்பார். சட்டப் பக்கமும் ஒன்று இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருளைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பதைத் தடுக்கிறது.

இரண்டாம் விதம்:

"கைத்தறிப் பருத்திச் சேலை. நீலம், அரக்குக் கரை. 5.5 மீற்றர். கூரியர் செலவு தனி."

இதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் வட்ஸ்அப்பில் கேள்விகள் வரிசையாக வரும். பிளவுஸ் துணி இருக்கா? உள்ளே தெரியுமா? எந்த நீலம்? கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம். கேட்காமலே அடுத்த பக்கத்துக்குப் போனவரை நமக்குத் தெரியவே வராது.

மூன்றாம் விதம், என் பார்வையில் உண்மையாகவே விற்பது:

"மருதமுனைத் தறியிலிருந்து நேராக வாங்கிய பருத்திச் சேலை. மயில்நீலம், அரக்குக் கரை மூன்று அங்குலம். சேலை 5.5 மீற்றர், அதோடு சேர்ந்தே 80 சென்ரிமீற்றர் பிளவுஸ் துணி. அகலம் 46 அங்குலம், எடை சுமார் 450 கிராம். புதிதில் விறைப்பாக இருக்கும், இரண்டு மூன்று சலவையில் இளகும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கை நிழல் தெரியும், நீல உள்பாவாடை போதும். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தபோது கரையிலிருந்து இலேசான சிவப்பு ஒட்டியது, நீலத்தில் ஒட்டவில்லை. முதல் மூன்று தடவை தனியாக, குளிர்ந்த நீரில், ஊறப்போடாமல் அலசுங்கள். நிழலில் காயப்போடுங்கள். முந்தானையிலிருந்து இரண்டு முழம் தள்ளி ஒரு நூல் முடிச்சு உண்டு, படம் போட்டிருக்கிறேன். இதே பாவில் இன்னும் நான்கு சேலைகள் உள்ளன."

இதில் முக்கியமான வரி சாயத்தைப் பற்றியது. "சாயம் போகாது" என்று எழுதுவதற்குப் பதில் ஒரு சின்னச் சோதனை செய்து, அதன் முடிவை அப்படியே எழுதினால் போதும். இடுப்பில் செருகும் ஓரத்தில் ஒரு மூலையை நனையுங்கள். கரையும் உடலும் சேரும் இடத்தில் ஈர வெள்ளைப் பருத்தித் துணியை வைத்து அழுத்தித் தேய்த்து, அப்படியே அரை மணி நேரம் விடுங்கள். தேய்க்கும் இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அடர் அரக்கு இளகி நீலத்துக்குள் இறங்கினால் சேலையே கெட்டுவிடும். உடலை மட்டும் தேய்த்தால் அந்த ஆபத்து தெரியாது. வெள்ளைத் துணியில் அடர்சிவப்பாக ஒட்டினால் அந்தச் சேலையை விற்காமல் நெசவாளரிடம் திருப்பிக் கொடுப்பது நல்லது. இலேசாக ஒட்டினால் மேலதிகச் சாயம் கழிகிறது என்று எடுத்துக்கொண்டு, சலவை முறையோடு எழுதலாம். ஆனால் இந்தச் சோதனை வெயிலில் நிறம் மங்குமா என்று சொல்லாது. பத்தாவது சலவையைப் பற்றியும் சொல்லாது. அதனால் அவற்றுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, கைத்தறி என்பதற்கு என்ன ஆதாரம் காட்டுவது? ஓரத்தில் ஊசித் துளைகள் இருந்தால் கைத்தறி என்று பலர் படம் போடுகிறார்கள். அகலம் சுருங்காமல் இருக்கத் தறியில் மாட்டும் கருவியின் தடம் அது. விசைத்தறியிலும் அப்படி ஒரு கருவி உண்டு, அதன் தடமும் துணியில் விழலாம். ஆகவே துளை மட்டும் ஆதாரமாகாது. குறுக்கே ஓடும் ஊடை நூல் சில இடங்களில் சற்று நெருங்கியும் சில இடங்களில் இளகியும் இருப்பது, ஓரம் நூல் பிடித்தாற்போல் நேராக இல்லாதது, அறுந்த நூலை முடிந்த முடிச்சு, இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். எல்லாவற்றையும்விட வலுவானது, எந்த ஊரில் யாரிடமிருந்து வாங்கினோம் என்று தெளிவாகச் சொல்வது. அந்த முடிச்சைக் குறை என்று மறைக்காமல், ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். அளவு புரிந்துவிடும், பார்சல் பிரித்து அதிர்ச்சியடைய எதுவும் மிஞ்சாது.

"எந்தக் காலத்துக்கும் ஏற்றது" என்ற வரியையும் விடலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தச் சேலை உண்மையிலேயே சுகம், அதைத் தயங்காமல் எழுதலாம். ஆனால் மார்கழி மழை ஈரத்தில், கஞ்சி போட்ட சேலையைச் சரியாகக் காயாமல் மடித்து வைத்தால் பூஞ்சணப் புள்ளி விழும். அதைத் தெரிந்தவர் சொல்லி வைத்தால், வாங்கியவர் மறுபடி வருவார்.

மூன்றாம் விதத்துக்கு ஒரு குறை உண்டு, நீளம். கைபேசியில் முதல் இரண்டு மூன்று வரிதான் திறந்திருக்கும், மிச்சம் 'மேலும்' என்பதைத் தொட்டால்தான் வரும். ஆகவே ஊர், நிறம், நீளம், பிளவுஸ் துணி, விலை ஆகியவை மேலே வரட்டும். சோதனையும் முடிச்சும் கீழே போகட்டும். நிறத்துக்குப் படம் காலை வெளிச்சத்தில் திண்ணையில் எடுத்ததாக இருக்கட்டும், மஞ்சள் மின்குமிழின் கீழ் மயில்நீலம் பச்சையாகத் தெரியும்.

அப்புறம், ஏற்கெனவே உங்களிடம் இதே தறிச் சேலை வாங்கியவருக்கு இவ்வளவும் தேவையில்லை. அவருக்கு இரண்டாம் விதம் சரி. புதிதாக வருபவருக்குத்தான் மூன்றாவது. முதல் விதத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.