எச்சரிக்கை: சாமான் வண்டியில் ஏறிய பிறகு ஏறும் கட்டணம்

பெங்களூரிலிருந்து கோவைக்கு வீடு மாற்றினோம். ஒரு படுக்கையறை வீட்டுச் சாமான்தான். நேரில் வந்து பார்த்த இரண்டு கம்பெனிகள் 27,000, 29,000 என்றன. இணையத்தில் நம்பரைப் பதிந்த கொஞ்ச நேரத்தில் கூப்பிட்ட ஒருவர், வாட்ஸ்அப்பில் சாமான் பட்டியலை வாங்கிக்கொண்டு 14,500 என்றார். "ஷேரிங் கண்டெய்னர் சார், அதான் கம்மி. எல்லாம் சேர்த்துத்தான் இந்த ரேட்டு." பலர் சாமானை ஒரே லாரியில் ஏற்றினால் செலவு குறையும் என்பது உண்மைதான். அதனால் 2,000 முன்பணம் போட்டோம்.

ஒரு சின்ன லாரி வந்தது, நான்கு பேர் பதமாகக் கட்டி ஏற்றினார்கள். மறுநாள் வேறொருவர் போன் செய்தார். "உங்க சாமான் 620 சிஎஃப்டி வருது சார். கொட்டேஷன் 300க்குத்தான். மிச்சத்துக்கு சிஎஃப்டிக்கு 60. பார்டர் டாக்ஸ், பெர்மிட் 2,800. மொத்தம் 22,000 போட்டாதான் கண்டெய்னர்ல ஏறும். இல்லைன்னா தினம் 800 குடோன் வாடகை." சாமான் எந்தக் குடோனில் இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

சிஎஃப்டி என்பது கன அடி. நீளம், அகலம், உயரத்தை அடியில் பெருக்கினால் வந்துவிடும். நம்மில் பலர் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை, அதுதான் இவர்கள் பலம். அன்று இரவு உட்கார்ந்து போட்டேன். ஃபிரிட்ஜ் 28, பீரோ 29, சோபா 50, வாஷிங் மெஷின் 12, கழற்றிய கட்டிலும் மெத்தையும் சேர்த்து 31. ஒன்றரை அடி அட்டைப்பெட்டி ஒன்று மூன்றரைக்கும் குறைவு, 30 பெட்டிக்கு 101. டிவி, நாற்காலி, சைக்கிள் என உதிரிக்கு 40 போட்டாலும் 291தான்.

அதைவிடப் பெரிய ஆதாரம் அந்தச் சின்ன லாரி. ஏற்றி முடித்ததும் என் மனைவி எடுத்த படத்தில் நம்பர் பிளேட்டோடு தெரிகிறது. பத்தடி நீளம், ஐந்தரை அடி அகலம், ஆறடி உயரம் குவித்தாலும் 330 கன அடி. ஒரே நடையில் அதில் போன சாமான் குடோனில் இறங்கியதும் எப்படி 620 ஆகும்? இதைக் கேட்டதும் அந்த ஆள் சிஎஃப்டி பேச்சை விட்டுவிட்டு வரிக்குத் தாவினார். அதுவும் பொய். ஜிஎஸ்டி வந்த 2017லேயே நுழைவு வரி அதற்குள் அடங்கிவிட்டது. நாம் பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு, சரக்கை லாரியில் கொண்டுபோக எடுக்கும் இ-வே பில்லும் வேண்டாம்.

பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை gst.gov.in தளத்தில் போட்டுப் பார்த்தேன். கர்நாடக எண் 29 என்று தொடங்க வேண்டும். இது 07, அதாவது டெல்லி, அதுவும் வேறு ஒரு பெயரில். முன்பணம் கொடுப்பதற்கு முன் இதை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோபத்தில் "ஒரு பைசா தரமாட்டேன்" என்று எழுதிவிடாதீர்கள். பேசிய வாடகை பாக்கி என்றால் சாமானைத் தடுத்து வைக்க அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். நான் வாட்ஸ்அப்பில் எழுதியது இவ்வளவுதான்: "பேசியபடி மீதி 12,500 தயாராக இருக்கிறது, கோவையில் இறக்கியதும் தருகிறேன். இதற்கு மேல் கேட்டுச் சாமானை வைத்திருப்பது நம்பிக்கை மோசடி, பி.என்.எஸ். 316(3)." பி.என்.எஸ். என்பது ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா; ஒப்படைத்த சரக்கில் லாரிக்காரர் செய்யும் மோசடிக்கான பிரிவு அது. இந்தச் செய்தி, கொட்டேஷன், லாரிப் படம் மூன்றையும் அச்செடுத்து, சாமான் ஏற்றிய இடத்துக் காவல் நிலையத்தில் என் தம்பி கொடுத்தான். முதலில் "சிவில் மேட்டர்" என்றுதான் சொன்னார்கள். 316(3)ஐக் காட்டிய பிறகு ஓர் ஏட்டு லாரி நம்பரை வைத்து டிரைவரைப் பிடித்து, குடோன் முகவரியையும் வாங்கிவிட்டார்.

சாமான் வந்தது. வாசலில் இறக்கு கூலி என்று 4,000 கேட்டு அடம்பிடித்தார்கள், ரசீது கிடையாது, கொடுத்தோம். வாஷிங் மெஷின் மூடி உடைந்திருந்தது. இன்சூரன்ஸ் என்று கொட்டேஷனில் போட்டிருந்ததற்கு பாலிசி எண்ணே இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ல் புகார் பதிந்திருக்கிறேன். கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டாயிற்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பில்லில் இருந்த முகவரிக்கு அனுப்பிய நோட்டீஸ் திரும்பி வந்துவிட்டது. இப்போது குடோன் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன்.