கடை இல்லாமல் கமிஷன்: சிரட்டைப் புட்டு வீடியோவில் கற்ற கணக்கு

கேமரா முன் பேச எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் சரக்கு வாங்கி அடுக்குவதும், சில்லறை எண்ணுவதும், நாகர்கோவில் செட்டிகுளம் பக்கம் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்து மாதம் பிறந்தால் வாடகைக்குப் பதில் சொல்வதும் என்னால் ஆகாது. அதனால் சமையல் சாமான்களைக் காட்டும் குறு வீடியோக்களில் இறங்கினேன். பொருளை விற்பதும் அனுப்புவதும் பணம் வாங்குவதும் ஆன்லைன் கடையின் வேலை. என் இணைப்பு வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன். சில வருடங்களாக இதுதான் தொழில்.

விளம்பர வருமானத்தை நம்பி வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். யூடியூப் ஷார்ட்ஸில் விளம்பரப் பங்கு கிடைக்க 1000 சந்தாதாரர்களோடு, 90 நாளில் 1 கோடி பார்வையும் வேண்டும். அதைத் தாண்டினாலும், படைப்பாளிகளுக்கான பொதுத் தொகையில் நம் பார்வைக் கணக்குப்படி ஒரு பங்குதான் ஒதுக்கப்படும். பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் அதில் 45 சதவீதம்தான் நமக்கு. நான் பாட்டே போடுவதில்லை, என் குரலும் பாத்திரச் சத்தமும் போதும். ஊர்க் கடைகளுக்கு வீடியோ எடுத்துக் கொடுக்கலாம்தான், ஆனால் அங்கே மறுபடியும் கைக்காசும் பாக்கி வசூலும் வந்து நிற்கும். கமிஷன் நேராக வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது.

கமிஷனில் பலர் கவனிக்காத இடம் ரிட்டர்ன். ஆர்டர் எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. பொருள் அனுப்பப்பட்டு, திரும்பி வராமல் இருந்தால்தான் அது வருமானம்.

என் சிரட்டைப் புட்டுக் குடத்தையே எடுத்துக்கொள்ளலாம். சிரட்டை வடிவத்தில் சின்ன எவர்சில்வர் பாத்திரம், அடியில் ஒரு குழல். குக்கர் மூடியில் வெயிட்டை எடுத்துவிட்டு, ஆவி வரும் மூக்கில் இதைச் சொருக வேண்டும். விலை சுமார் 400 ரூபாய். 5 சதவீதம் வாக்கில் கமிஷன் என்றால் ஒன்றுக்கு 20 ரூபாய். இதற்கு இரண்டு விதமாக வீடியோ போட்டேன். ஒன்றில் சிவப்பரிசி மாவில் அவித்த புட்டு ஆவி பறக்கத் தட்டில் விழும், பக்கத்தில் மட்டிப்பழமும் பயறும். பார்வை அள்ளியது. குமரியோடு நிற்காமல் பாறசாலை, திருவனந்தபுரம் வரை ஆட்கள் பார்த்தார்கள். ஆனால் 100 ஆர்டரில் 30 போல ரத்தாகவோ திரும்பியோ வந்தன. 2000 ரூபாய் 1400 ஆனது.

காரணம் கமெண்டிலேயே இருந்தது. மதுரை அக்கா ஒருவர், “தம்பி, கீழே உள்ள பானையைக் காணோமே?” என்று கேட்டார். குக்கரும் சேர்ந்து வரும் என்று நினைத்திருக்கிறார். வேறு சிலர் குடும்பத்துக்கே ஒரே தடவையில் அவிக்கலாம் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது வீடியோவில் முதல் சில நொடிகளிலேயே வெயிட்டை எடுத்து, குடத்தைச் சொருகிக் காட்டினேன். குடத்தை உள்ளங்கையில் வைத்து, “ஒரு தடவைக்கு ஒரு புட்டுதான். குக்கர் உங்களுடையது” என்றேன். மாவை அமுக்கி நிரப்பினால் ஆவி மேலே வராது என்பதால், தளர்வாகப் போடுவதையும் கிட்டத்தில் காட்டினேன். பார்வை குறைவு, ஆர்டரும் குறைவு. ஆனால் திரும்பி வந்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான். கையில் நின்ற காசு முதல் வீடியோவுக்குக் கிட்டத்தட்ட சமம், கமெண்டில் திட்டும் இல்லை. அன்றிலிருந்து எந்தப் பொருளானாலும் அளவையும் கூட வராததையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த சிக்கல் இணைப்பு. 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஷார்ட்ஸின் விளக்கத்திலும் கமெண்டிலும் போடும் இணைப்பைத் தொட்டால் திறக்காது. சேனல் முகப்புக்குப் போய்த்தான் திறக்க வேண்டும். அங்கே பொருட்கள் குவிந்து கிடந்தால், வந்தவர் தேடிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுத்து, வீடியோவில் பெரிதாக எழுதி, அதே வரிசையில் முகப்புப் பட்டியலை வைத்திருக்கிறேன். அமேசானில், இணைப்பைத் தொட்ட 24 மணி நேரத்துக்குள் கூடையில் போட்டால்தான் நம் கணக்கில் சேரும். ஆகவே “சம்பளம் வந்ததும் வாங்குகிறேன்” என்பவரிடம், அன்றைக்கு இதே இணைப்பை மறுபடி தொட்டு வாங்குங்கள் என்று சொல்லிவிடுவேன். நமக்கோ வீட்டாருக்கோ நம் இணைப்பில் வாங்கினால் கமிஷன் கிடையாது.

கமிஷன் வருகிறது என்பதை வீடியோவின் மேலேயே தமிழில் எழுதி, வாயாலும் சொல்லிவிடுங்கள். நுகர்வோர் விவகாரத் துறையின் 2023 வழிகாட்டுதலும் அதைத்தான் கேட்கிறது. விளக்கத்தின் அடியில் ஒளித்து வைத்தால் யார் படிப்பார்கள்?

வாடகை இல்லை என்றாலும் காத்திருப்பு உண்டு. அமேசான் கமிஷன், மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் வரும். ஓணத்தை ஒட்டி ஆகஸ்டில் புட்டுக் குடம் நன்றாகப் போனாலும் காசைக் கண்ணில் பார்க்க அக்டோபர் கடைசி ஆகிவிடும். அதுவரை வீட்டுச் செலவுக்கு வேறு வழி இருப்பவர்கள் இதில் இறங்கலாம். இல்லாதவர்கள் இப்போதைய வேலையை விடாமல் மாலையில் மட்டும் எடுத்துப் போடுங்கள்.